ஸ்கிராட்ச் சோதனை: டிப் முதல் கணக்கு வரை, புதிதாகச் செய்பவர்களுக்கு

பிளேட்டில் நெருக்கமாக வளர்ந்திருக்கும் செல் விரிப்பில் பிப்பெட் டிப்பால் ஒரு கோடு இழுக்க வேண்டும். இரண்டு பக்கச் செல்களும் நகர்ந்து வந்து அந்த இடைவெளியை எவ்வளவு வேகத்தில் மூடுகின்றன என்று படமெடுத்து அளக்க வேண்டும். ஸ்கிராட்ச் சோதனை இவ்வளவுதான். ப்ரோட்டோகால் பெரும்பாலும் அரைப் பக்கத்துக்கு மேல் இருக்காது. அதை நம்பி இறங்கினால் கடைசியில் கையில் ஒரு சதவீதம் கிடைக்கும். ஆனால் அது மருந்தின் வேலையா, கோட்டின் அகலம் செய்த வேலையா என்று சொல்ல முடியாது. நான் நிறையப் பிளேட்டுகளை வீணடித்த பிறகு தெரிந்துகொண்டவற்றை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

உதாரணத்துக்கு நம் ஊரில் பலரும் எடுக்கும் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். கிராமத்தில் வெட்டுக்காயத்துக்குக் கசக்கிப் பிழியும் வெட்டுக்காயப்பூண்டின் சாறு, ஹாகாட் என்ற மனிதத் தோல் செல்களின் நகர்வைக் கூட்டுகிறதா? எல்929 போன்ற ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களிலும் இதைச் செய்யலாம். ஆனால் அவை தனித்தனியாக ஓடும், ஓரம் பிசிறடித்துக் கிடக்கும். ஹாகாட் செல்கள் ஒன்றோடொன்று கைகோத்து விரிப்பாகவே நகர்வதால் ஓரம் தெளிவாகத் தெரியும். முதல்முறை அளப்பவருக்கு அதுவே வசதி.

1. செல்லுக்கு முன்னால் காகிதம்

செல் லைனைப் பக்கத்து லேபில் ஒரு ஃபிளாஸ்க் கேட்டு வாங்குவதுதான் வழக்கம். இலவசம், மறுநாளே கிடைத்துவிடும். ஆனால் அது எத்தனையாவது பாசேஜ், அதாவது எத்தனை முறை பிரித்து வளர்த்தது, மைக்கோபிளாஸ்மா தொற்று உண்டா என்று கொடுப்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். மைக்கோபிளாஸ்மா இருந்தால் மீடியம் கலங்காது, கண்ணுக்கு எதுவும் படாது, செல்லின் நடத்தை மட்டும் மாறிவிடும். கடன் வாங்கினால் பாசேஜ் எண்ணை எழுதி வாங்குங்கள். பிசிஆர் முறையில் ஒரு மைக்கோபிளாஸ்மா சோதனையும் செய்துவிடுங்கள்.

முறையாக வாங்க, புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் செல் களஞ்சியத்துக்கு விண்ணப்பிக்கலாம். படிவமும் கட்டண விவரமும் அவர்கள் இணையதளத்தில் இருக்கின்றன. கைடின் கையெழுத்து, கல்லூரி வழியாகப் பணம் செலுத்துதல் என்று நம் பக்கத்திலேயே நாட்கள் ஓடும். செல் வந்த பிறகும் அது நிலைப்பட இரண்டு மூன்று பாசேஜ் ஆகும். ஆகவே முதல் கோடு இழுக்கும் நாளுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே இந்த வேலையைத் தொடங்குங்கள். உயிரியல் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டுமா என்று உங்கள் நிறுவனத்தில் அப்போதே கேட்டுவிடுங்கள். ஆய்வேடு சமர்ப்பிக்கும் வாரத்தில் அந்தக் கடிதத்தைத் தேடி அலைபவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு.

சோதனையை வெளி லேபில் காசு கொடுத்துச் செய்வதாக இருந்தால், பணம் கட்டுமுன் ஒரு விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: அசல் படங்கள் அனைத்தும் தரப்படுமா? எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஓர் இடத்திலிருந்து வந்தது ஒரு பார் வரைபடமும் நான்கு அழகான படங்களும் மட்டுமே. கட்டுரையைப் பரிசீலித்தவர் மீதிப் படங்களைக் கேட்டபோது அவை அழிக்கப்பட்டிருந்தன.

2. எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம்

மஞ்சள் டிப் ஒன்று ஒரு ரூபாய்கூட ஆகாது. இமேஜ்ஜே மென்பொருளும் அதன் விரிவான வடிவமான ஃபிஜியும் இலவசம். செலவெல்லாம் சீரம், பிளேட், செல் ஆகியவற்றில்தான். 12 வெல் பிளேட் போதும். 6 வெல் என்றால் மீடியமும் சாறும் இரட்டிப்பாகும். 24 வெல்லில் கோடு சுவரை நெருங்கிவிடும். சுவரோரம் மீடியம் வளைந்து நிற்பதால் அங்கே எடுக்கும் படம் ஒரு பக்கம் இருட்டடிக்கும்.

செல்லை விதைக்கும்போதே நடுவில் 500 மைக்ரான் இடைவெளி விட்டு வளரவைக்கும் சிலிக்கோன் இன்சர்ட்டுகளும் விற்கின்றன. எடுத்துவிட்டால் இடைவெளி எல்லா வெல்லிலும் ஒரே அகலமாக இருக்கும், சிதைந்த செல்களும் இருக்காது. விலை அதிகம். பத்து நாள் கை பழகியும் கோடு நேராக வரவில்லை என்றால் அப்போது யோசிக்கலாம்.

3. பிளேட்டின் அடியில் குறி

படமெடுக்கும் ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். இதற்குப் பிளேட்டின் அடிப்புறத்தில், கோட்டுக்குக் குறுக்காக, ஒவ்வொரு வெல்லிலும் இரண்டு மெல்லிய குறிகள் போடுங்கள். மார்க்கரால் போட்டால் 70 சதவீத ஆல்கஹாலில் துடைக்கும்போது அழிந்துபோகும். துடைக்காமல் ஹூட்டுக்குள் வைக்க முடியாது. ஊசி முனையால் அடிப்புற பிளாஸ்டிக்கில் லேசாகக் கீறிவிடுவது நல்லது. விதைக்கும் முன்பே, ஹூட்டுக்குள், மூடியோடு திருப்பிப் பிடித்துச் செய்துவிடுங்கள். பிறகு மேல் குறியை ஒட்டி ஒரு படம், கீழ்க் குறியை ஒட்டி ஒரு படம் என்று எடுத்தால் இடம் தவறாது. குறி மட்டும் படத்துக்குள் வரக் கூடாது. வந்தால் மென்பொருள் அதையும் செல் என்றே எண்ணிக்கொள்ளும்.

4. விதைப்பு

ஹாகாட் செல்கள் டிரிப்சினுக்கு எளிதில் கழலாது. அவசரப்பட்டுத் தட்டினால் கட்டி கட்டியாக வரும், எண்ணிக்கை தப்பாகிவிடும். ஐந்திலிருந்து பத்து நிமிடம் பொறுத்து, மைக்ரோஸ்கோப்பில் தனித்தனியாக உருண்டு நிற்பதைப் பார்த்த பிறகு சேகரியுங்கள்.

12 வெல் பிளேட்டில் ஒரு வெல்லுக்கு 4 லட்சம் செல், 1 மில்லி மீடியம் என்று தொடங்கலாம். ஒவ்வொரு லேபிலும் செல் வளரும் வேகம் வேறு. ஆகவே முதலில் 3, 4, 5 லட்சம் என மூன்று அளவில் ஒரு ஒத்திகை பாருங்கள். 24 முதல் 36 மணி நேரத்துக்குள் இடைவெளி இல்லாமல் நிரம்பும் அளவே உங்களுடையது. விதைத்ததும் பிளேட்டைச் சுற்றிச் சுழற்றாதீர்கள், செல்லெல்லாம் நடுவில் குவிந்துவிடும். முன்பின்னாக, பிறகு இடவலமாக மெதுவாக நகர்த்தி, ஹூட்டிலேயே 15 நிமிடம் அசையாமல் வைத்துவிட்டு இன்குபேட்டருக்குக் கொண்டுபோங்கள்.

நிரம்பிய பிறகும் "இன்னும் ஒரு நாள் இருக்கட்டும்" என்று விட்டுவைப்பது ஒரு பொறி. ஹாகாட் செல்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். கோடு இழுத்தால் கோடு விழாது, கல்லிலிருந்து ஓரம் கிளம்பிய தோசை போல விரிப்பு மொத்தமாகச் சுருண்டு எழும். அப்படி ஆன வெல்லைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

5. சாறும் கன்ட்ரோலும்

நகர்வைப் பார்க்கும் முன் நச்சுத்தன்மையைப் பார்க்க வேண்டும். எம்டிடி சோதனையில் அதே செல், அதே நேரம், அதே சீரம் அளவு வைத்து, செல்லைக் கொல்லாத அளவுகளைத் தேர்ந்தெடுங்கள். செத்துக்கொண்டிருக்கும் செல் மெதுவாக நகர்ந்தால் அது நகர்வைப் பற்றிய தகவல் ஆகாது.

நம் உதாரணத்தில் 10, 50 மைக்ரோகிராம்/மில்லி பாதுகாப்பானவை என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் 10 மில்லிகிராம்/மில்லி, 50 மில்லிகிராம்/மில்லி என இரண்டு ஸ்டாக் செய்யுங்கள். எதிலிருந்தும் 1 மில்லி மீடியத்துக்கு 1 மைக்ரோலிட்டர் மட்டும் எடுங்கள். இப்படிச் செய்தால் டிஎம்எஸ்ஓ எல்லா வெல்லிலும் 0.1 சதவீதமாகவே இருக்கும். ஒரே ஸ்டாக்கிலிருந்து கூடவும் குறையவும் எடுத்தால் டிஎம்எஸ்ஓவும் கூடிக் குறையும், எது எதைச் செய்தது என்று பிரிக்க முடியாது. சாறு கலந்த மீடியத்தைச் செல்லில் விடும் முன் மைக்ரோஸ்கோப்பில் ஒரு முறை பாருங்கள். துகள் படிந்தால் படத்தில் அது செல்லாகத் தெரியும்.

12 வெல் பிளேட்டில் நான்கு நெடுவரிசை, ஒவ்வொன்றிலும் மூன்று வெல். முதலாவது டிஎம்எஸ்ஓ மட்டும், இரண்டாவது டிஎம்எஸ்ஓவோடு, நகர்வைத் தூண்டும் வளர்ச்சிக் காரணியான ஈஜிஎஃப் 10 நானோகிராம்/மில்லி, மூன்றாவதும் நான்காவதும் சாறு. ஈஜிஎஃப் நெடுவரிசை வேகமாக மூடவில்லை என்றால் அந்தப் பிளேட்டே பேசாது; சாற்றைப் பற்றி அதிலிருந்து எதுவும் முடிவு செய்யாதீர்கள்.

செல் பெருகினாலும் இடைவெளி மூடும். அதைக் குறைக்க, கோடு இழுத்த பிறகு 10 சதவீத சீரத்துக்குப் பதில் 1 சதவீத சீரம் உள்ள மீடியம் விடுங்கள். முக்கிய அளவீட்டை, கோடு இழுத்த 8 முதல் 12 மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மைட்டோமைசின் சி கொடுத்துப் பெருக்கத்தை நிறுத்துவோரும் உண்டு. அது நஞ்சு, கழிவைத் தனியாக அகற்ற வேண்டும், செல்லையும் சோர்வடையச் செய்யும். தொடக்கத்தில் அது வேண்டாம் என்பதே என் கருத்து. 48 மணி நேரப் படத்தைக் காட்டி "நகர்வு" என்று எழுதுவதைவிட 8 மணி நேரப் படத்தை நம்பலாம்.

6. கோடு இழுப்பது

நேரத்தை முதலில் திட்டமிடுங்கள். காலை 9 மணிக்கு இழுத்தால் 12 மணி நேரப் படம் இரவு 9 மணிக்கு. லேப் சாவியும் விடுதி வாசலும் அதற்கு ஒத்துவருமா? ஒத்துவராது என்றால் 0, 4, 8, 24 என்று வையுங்கள். இடையில் இரண்டு புள்ளிகள் இருந்தாலே வேகத்தைக் கணக்கிடலாம்.

பழைய மீடியத்தை எடுக்காமல், ஈரம் இருக்கும்போதே இழுங்கள். 200 மைக்ரோலிட்டர் மஞ்சள் டிப், பிப்பெட்டில் மாட்டியபடியே இருக்கட்டும். செங்குத்தாகப் பிடித்து, முனை அடியைத் தொட்டதும், ஸ்டெரைல் செய்த ஸ்கேல் விளிம்பை ஒட்டி ஒரே இழுப்பில் மேலிருந்து கீழ் வரை. நடுவில் நின்றால் அந்த இடத்தில் கோடு அகலும். சரியாக விழவில்லை என்று அதே கோட்டில் இன்னொரு முறை இழுத்தால் அகலம் கண்டபடி போகும். அழுத்தமும் அளவோடு இருக்க வேண்டும். கூடினால் பிளாஸ்டிக்கே கீறிப் படத்தில் நடுவே ஒரு பளிச்சென்ற வரி தெரியும். குறைந்தால் தீவு தீவாகச் செல்கள் மிச்சமிருக்கும். வெல்லுக்கு ஒரு புது டிப். பன்னிரண்டையும் ஒருவரே இழுக்க வேண்டும்.

அப்புறம் கழுவல். கழன்ற செல்கள் மிதந்து, இடைவெளியிலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும். மீடியத்தை எடுத்துவிட்டு, கால்சியமும் மக்னீசியமும் உள்ள பிபிஎஸ்ஸால் இரண்டு முறை கழுவுங்கள். அவை இல்லாத பிபிஎஸ் ஓரச் செல்களின் பிடியைத் தளர்த்தும். சீரம் இல்லாத மீடியத்தாலும் கழுவலாம். சுவர் வழியாக மெதுவாக விடுங்கள், கோட்டின் மேல் நேராக ஊற்றாதீர்கள்.

சாறு மீடியம் விடுவதற்குள் 0 மணி அகலத்தைக் கண்ணால் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வெல் மற்றவற்றைவிட வெளிப்படையாக அகலமாகவோ குறுகலாகவோ இருந்தால் இப்போதே நோட்டில் எழுதி ஒதுக்குங்கள். முடிவு தெரிந்த பிறகு ஒதுக்கினால் அது தில்லுமுல்லு.

7. படம்

4எக்ஸ் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் லென்ஸ் போதும். 10எக்ஸில் அகலமான கோடு படத்துக்குள் அடங்காது. கோடு படத்தில் மேலிருந்து கீழாக, நேராக நிற்கும்படி பிளேட்டை வையுங்கள். ஒளி, எக்ஸ்போஷர் எல்லாவற்றையும் முதல் படத்தில் நிலைநிறுத்திவிட்டுக் கடைசிப் படம் வரை தொடாதீர்கள். டிஃப் கோப்பாகச் சேமியுங்கள், ஜேபெக் வேண்டாம். ஸ்கேல் பாரைப் படத்தில் பதிக்காதீர்கள். பதிக்காத பிரதி கட்டாயம் வேண்டும்.

அன்றே, அதே லென்ஸ், அதே கேமரா அமைப்பில் ஸ்டேஜ் மைக்ரோமீட்டரையும் ஒரு படம் எடுங்கள். லென்ஸில் 4எக்ஸ் என்று எழுதியிருப்பதை வைத்து நீளம் கணக்கிட முடியாது, கேமரா அடாப்டர் அதை மாற்றிவிடும்.

12 வெல், வெல்லுக்கு இரண்டு படம் என்றால் முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவே அரை மணி நேரம் ஓடிவிடும். வெளியே இருக்கும் மீடியம் கார்பன் டை ஆக்சைடை இழந்து ஊதா பக்கம் போகும். ஒவ்வொரு முறையும் வெல்களை அதே வரிசையில் எடுங்கள், வேகமாக எடுங்கள், உண்மையான நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். "8 மணி" என்று பெயரிட்ட படம் உண்மையில் எட்டரை மணி நேரமாக இருந்தால் கணக்கில் 8.5 என்றுதான் போட வேண்டும்.

8. இமேஜ்ஜேயில் அளப்பது

முதலில் மைக்ரோமீட்டர் படத்தைத் திறந்து, 1 மி.மீ. நீளத்துக்கு நேர்கோடு போட்டு, `Analyze > Set Scale` போங்கள். தெரிந்த நீளம் 1000, அலகு um, `Global` பெட்டியில் டிக். இதைச் செய்யாவிட்டால் பரப்பு பிக்சலில் வரும்.

செல் இருக்கும் இடம் மேடு பள்ளமாக இருக்கும், வெறும் இடைவெளி வழவழப்பாக இருக்கும். ஒவ்வொரு பிக்சலைச் சுற்றிலும் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று பார்த்து, குறைவாக உள்ள இடத்தை மட்டும் பிரித்தெடுப்பதே வழி:

```
setOption("BlackBackground", true);
run("8-bit");
run("Variance...", "radius=10");
setThreshold(0, 30);
run("Convert to Mask");
run("Fill Holes");
run("Set Measurements...", "area redirect=None decimal=1");
run("Analyze Particles...", "size=20000-Infinity show=[Overlay Masks] display");
```

இதில் 10, 30, 20000 ஆகிய மூன்றும் உங்கள் படத்துக்கேற்ப மாறும். 0 மணிப் படம் இரண்டு, 8 மணிப் படம் இரண்டு எடுத்து, ஓரம் கண்ணுக்குத் தெரியும் ஓரத்தோடு பொருந்தும் வரை மாற்றிப் பாருங்கள். பொருந்திய பிறகு அந்தச் சோதனையின் எல்லாப் படங்களுக்கும் அதே எண்கள்தான். ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகத் திருகினால், தெரியாமலே நமக்குப் பிடித்த விடை பக்கம் சாய்ந்துவிடுவோம். கோப்புப் பெயர்களை வேறொருவரிடம் கொடுத்து மறைத்துவிட்டு அளப்பது இன்னும் நல்லது. கொஞ்சம் படங்களைப் பாலிகன் கருவியால் கையாலும் அளந்து ஒப்பிடுங்கள்.

நடுவில் செல்கள் பாலம் போட்டுவிட்டால் ஒரே படத்தில் இரண்டு மூன்று துண்டுப் பரப்புகள் வரும். அவற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். மேக்ரோ எழுதப் பிடிக்காதவர்கள் 2020-ல் வெளிவந்த `Wound_healing_size_tool` ப்ளகினை நிறுவிக்கொள்ளலாம், சராசரி அகலத்தையும் அதுவே தரும். அதிலும் எண்களைத் திருகித்தான் ஆக வேண்டும்.

9. கணக்கு: சதவீதம் எங்கே ஏமாற்றும்

படம் 1920 × 1440 பிக்சல், மைக்ரோமீட்டரில் 1 மி.மீ. என்பது 800 பிக்சல் என்று வைப்போம். படத்தின் உயரம் 1800 மைக்ரான். பரப்பை உயரத்தால் வகுத்தால் சராசரி அகலம் வரும். ஓரம் வளைந்து நெளிந்திருந்தாலும் கவலையில்லை. அகலம் குறைந்த அளவை நேரத்தாலும், நகரும் ஓரம் இரண்டு என்பதால் இரண்டாலும் வகுத்தால் ஓர் ஓரத்தின் வேகம் வரும்.

```
W = A / H
v = (W0 - Wt) / (2 * t)
```

கன்ட்ரோல் வெல்லில் 0 மணிப் பரப்பு 10,80,000 சதுர மைக்ரான், அதாவது அகலம் 600. 8 மணியில் 7,92,000, அகலம் 440. சாறு விட்ட வெல்லில் கோடு கொஞ்சம் குறுகலாக விழுந்துவிட்டது: 0 மணியில் 8,10,000, அகலம் 450. 8 மணியில் 5,22,000, அகலம் 290.

மூடிய சதவீதம் பார்த்தால் கன்ட்ரோலில் 26.7, சாற்றில் 35.6. பார் வரைபடம் போட்டால் சாறு வேலை செய்வதாகவே தோன்றும். வேகத்தைப் பாருங்கள். இரண்டிலும் 8 மணி நேரத்தில் 160 மைக்ரான் மூடியிருக்கிறது, ஓர் ஓரத்துக்கு மணிக்கு 10 மைக்ரான். சாறு எதையும் செய்யவில்லை. குறுகலான கோட்டில் அதே 160 மைக்ரான் பெரிய பங்காகத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வேகத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. மேலே உள்ள மேக்ரோ, ஏற்ற இறக்கத்தைச் சுற்றுவட்டத்தில் பார்ப்பதால், செல் ஓரத்தை ஏறக்குறைய 10 பிக்சல் உள்ளே தள்ளிக் காட்டும். இரு பக்கமும் சேர்த்து அகலம் 25 மைக்ரான் அளவுக்குக் குறைவாக வரும். எல்லா நேரப் படத்திலும் அதே அளவு குறைவதால், கழிக்கும்போது அது அடிபட்டுப் போகும். சதவீதத்தில் அடிபடாது: கன்ட்ரோலின் 26.7, 27.8 ஆகிவிடும்.

முழுதாக மூடிவிட்ட வெல்லுக்கு வேகம் கணக்கிடாதீர்கள். எப்போது மூடியது என்று நமக்குத் தெரியாது, எண் குறைவாகவே வரும். எந்த வெல்லும் மூடாத கடைசி நேரப் புள்ளியோடு நிறுத்துங்கள்.

10. எத்தனை என்று எழுதுவது

ஒரு வெல்லின் இரண்டு படங்களைச் சராசரியாக்கி ஒரு எண். ஒரு பிளேட்டின் மூன்று வெல்களைச் சராசரியாக்கி ஒரு எண். வேறு நாளில், வேறு பாசேஜ் செல்லில், புதிதாகக் கரைத்த சாற்றில் செய்தால்தான் அடுத்த எண். இப்படிக் குறைந்தது மூன்று வேண்டும். ஒரே பிளேட்டின் ஆறு படங்களை வைத்து எண்ணிக்கை ஆறு என்று எழுதி பி மதிப்பு போட்டால், வைவாவில் புள்ளியியல் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தாலே போதும்.

செய்முறைப் பகுதியில் இவற்றை விடாமல் எழுதுங்கள்: செல் லைன், பாசேஜ் எண், விதைத்த எண்ணிக்கை, டிப் அளவு, கோட்டுக்குப் பிந்தைய சீரம், டிஎம்எஸ்ஓ சதவீதம், லென்ஸ், மேக்ரோவின் மூன்று எண்கள், 0 மணி அகலத்தின் சராசரியும் விலகலும், ஒதுக்கிய வெல்களும் காரணமும். முடிவுரையில் "ஹாகாட் விரிப்பின் நகர்வு கூடியது" என்பது வரை போகலாம். ரத்தமும் நோயெதிர்ப்பு செல்களும் இல்லாத ஒரு பிளேட்டை வைத்து "காயத்தை ஆற்றுகிறது" என்று எழுதினால் திரும்பி வரும். அசல் டிஃப் கோப்புகளை `நாள்_பிளேட்_வெல்_நேரம்` என்ற வரிசையில் பெயரிட்டு, கைடின் கணினியிலும் ஒரு பிரதி வைத்துவிடுங்கள்.